ஆட்சிக்குழுவில் இடம் தேடிய ஒரு பள்ளி முதல்வர்

கல்வி நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களுக்கு உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் பணியில் இருப்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலரின் சுயவிவரங்களைப் படித்து வருகிறேன். அண்மையில் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் ஒருவர் அனுப்பியிருந்த ஐந்து பக்கங்களில் தேர்ச்சி விழுக்காடு, எழுப்பிய கட்டடங்கள், பெற்ற விருதுகள் என எல்லாமே இருந்தன. அதைப் படிக்கும் எந்தக் குழுவும், அவர் மறுபடியும் முதல்வர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்றே எண்ணும்.

பள்ளியை அன்றாடம் நடத்துவது முதல்வரின் பொறுப்பு. வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையை ஆராய்வதும், அந்த முதல்வரையே நியமித்து மதிப்பிடுவதும் ஆட்சிக்குழுவின் பொறுப்பு. எனவே, "ஆட்சிக்குழுவின் முன் நீங்கள் வைத்த கருத்து ஏற்கப்படாத சந்தர்ப்பம் ஏதேனும் உண்டா, அம்மா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். பள்ளிப் பேருந்துகளின் செலவு ஆண்டுதோறும் ஏறியபோது, கணக்கரிடம் சொல்லி வழித்தடவாரியாகச் செலவைப் பிரித்து, பேருந்துகளைப் பள்ளியே தொடர்ந்து இயக்குவது, ஒப்பந்தத்துக்கு விடுவது என்னும் இரண்டு வழிகளையும் குழுவின் முன் வைத்திருக்கிறார். அவர் விரும்பியது முதல் வழியை. குழு தேர்ந்தது இரண்டாவதை. ஓட்டுநர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்து, அந்த முடிவை அவரே நிறைவேற்றியிருக்கிறார். நிதி, குழந்தைப் பாதுகாப்பு, கூட்டு முடிவுக்குக் கட்டுப்படுதல் ஆகிய மூன்றுக்கும் சான்றாகிற இந்த நிகழ்வு அவருடைய ஐந்து பக்கங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. (விருதுகள் முக்கால் பக்கத்தை நிரப்பியிருந்தன.)

புதிய விவரக்குறிப்பு ஒரே பக்கம். தாம் எவற்றை மேற்பார்வையிட வல்லவர் என்பது முதல் பத்தியிலும், பேருந்து நிகழ்வு அதையடுத்தும் வந்தன. மகன் பாடநூல் விற்பனைத் தொழில் செய்வதை எழுதத் தயங்கினார். குடும்பத்தின் ஆதாயமும் நிறுவனத்தின் நலனும் மோதும் இத்தகைய நலமுரண் பின்னர் பிறரால் தெரியவந்தால் மதிப்பு போய்விடும் என்பதால், அதையும் இறுதியில் சேர்த்தோம்.

முதல் அழைப்பு அவருடைய பழைய பள்ளியிலிருந்தே வந்தது. ஆசிரியர்கள் புதிய முதல்வரைக் கடந்து தம்மிடமே குறை சொல்ல வருவார்கள் என்று கூறி, அதை அவரே மறுத்தது எனக்கு நிறைவாக இருந்தது. அடுத்து ஓர் அறக்கட்டளை ஆட்சிக்குழு இடம் தர முன்வந்தது. அதன் விதிமுறைகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, முந்தைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றை அவர் கேட்டபோது, கணக்கு மட்டும் வரவேயில்லை. ஆட்சிக்குழு உறுப்பினருக்கு வாக்குரிமையோடு சட்டப் பொறுப்பும் சேர்ந்தே வருவதால், அந்த இடத்தையும் ஏற்கவில்லை. இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் இருக்கிறார். அங்கே அவருக்கு வாக்கு கிடையாது. ஆனால் கூட்டத்துக்கு முன்பே ஆவணங்கள் கைக்கு வந்துவிடுகின்றன.