"அடுப்பு முன்னால சும்மா நிப்பேன்": ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதப்படும் விதம்

இடுக்கி மலையில் ஏலத்தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண். வயது 34. சொந்த ஊர் கீழே கம்பம் பக்கம். குழுக்கடன் தவணை தவறிய ஒரு வாரத்தில் உயிரை விட முயன்று, பிழைத்து, மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறார். நாளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இவர் ஒரே ஆள் அல்ல. மனநலப் பிரிவில் நான் கூடவே உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதிய பலருடைய விவரங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படி வந்தவர்களுக்கு வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகமான காலம். அந்த வாரங்களுக்காக எழுதுவதுதான் பாதுகாப்புத் திட்டம். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் வகுத்த முறை இது. ஒரு தாள், ஆறு படி, எழுத அரை மணி நேரம் போல ஆகும்.

அதன் அடிப்படை இதுதான்: சாகத் தோன்றும் வேகம் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அந்த அக்காவிடம் தாளின் ஓரத்தில் ஒரு மேடு வரைந்து காட்டினேன். "கம்பம்மெட்டு ஏறி இறங்குற மாதிரி" என்றார். சரியாகச் சொன்னார். உச்சியில் இருக்கும்போது யோசிக்கும் திறன் சுருங்கிவிடுகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால், மனம் நிதானமாக இருக்கும்போதே அடுத்தடுத்து என்ன செய்வது என்று எழுதி வைக்கிறோம்.

முதல் படி, எச்சரிக்கை அறிகுறி. இங்கேதான் மொழி குறுக்கே வந்தது. மலையாள நர்ஸ் அன்போடு "விஷமம் உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் அது மனவருத்தம். தமிழ்க் காதுக்கு அது சேட்டை, அதிலும் இந்த நிலைமையில் விஷம் என்றே கேட்கும். அக்கா பயந்துபோய் "இல்லை, இல்லை" என்றார். தாளில் "மன அழுத்தம் கூடும்போது" என்று எழுதப்பட்டது. அது அவருடைய சொல் அல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு அவர் மனதுக்குள் "மன அழுத்தம்" என்று எதுவும் ஓடாது.

அதை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். "அன்னைக்குக் காலையிலிருந்து சொல்லுங்க அக்கா, முதல்ல என்ன மாறுச்சு?" கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "உலை கொதிச்சாலும் அரிசி போட மாட்டேன். அடுப்பு முன்னால சும்மா நிப்பேன். பிள்ளைகளுக்கு நான் பாரம்னு ஓடும்." அதை அப்படியே எழுதினோம். இனி அடுப்பு முன்னால் நிற்கும்போது அவருக்கே தெரியும், மேடு ஏற ஆரம்பித்துவிட்டது என்று.

இரண்டாம் படி, யாரையும் கூப்பிடாமல் தானே செய்யக்கூடியது. "பாட்டுக் கேட்பேன்" என்றார். இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நேரத்தில் இதைச் செய்வது நடக்கிற காரியமா, எது தடுக்கும்? அவர் போனில் எப்போதும் சார்ஜ் இருப்பதில்லை. அப்புறம் "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வாசல்ல உக்காருவேன்" என்பது வந்தது. அது எப்போதும் நடக்கும்.

மூன்றாவதும் நான்காவதும் ஆட்கள் பற்றியவை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மூன்றாவது, மனதை வேறு பக்கம் திருப்பும் ஆளும் இடமும். அங்கே எதையும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து லயத்து அத்தை வீட்டில் சீரியல் பார்ப்பது என்று எழுதினார். நான்காவது, "எனக்குச் சாகணும் போல இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஆள். முதலில் கணவர் பெயரைச் சொன்னார். "அவர் குடிச்சிருந்தா?" என்றதும் தானே அடித்துவிட்டுக் கம்பத்தில் இருக்கும் சித்தியை எழுதினார். அங்கிருந்தே சித்திக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கினோம். சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் எழுதிய பெயர் அவசரத்துக்கு உதவாது.

ஐந்தாவது, மருத்துவ உதவி. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். வார்டிலேயே ஒரு தடவை அழைக்க வைத்து, தமிழ் வரும் இடத்தை அழுத்திப் பழக்கினோம். அருகில் எந்த மருத்துவமனையில் ராத்திரியும் அவசரப் பிரிவு உண்டு, யாருடைய ஜீப் கிடைக்கும் என்பதும் எழுதப்பட்டது. படிகளை வரிசையாகத்தான் ஏற வேண்டும் என்றில்லை. ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால் நேரே ஐந்தாவதுக்குப் போக வேண்டும்.

ஆறாவதுதான் உயிரைக் காப்பதில் கனமானது: வீட்டிலிருந்து ஆபத்தான பொருளை அகற்றுவது. ஏலத்துக்கு மருந்து அடிக்கும் வீடுகளில் மீதி மருந்து எங்காவது கிடக்கும். அதைப் பற்றி நேராகவே கேட்க வேண்டும், கேட்பதால் யாருக்கும் புது எண்ணம் முளைப்பதில்லை. "ஒளிச்சு வச்சிடுறேன்" என்றார். ஒளித்தவருக்கே இடம் தெரியும் என்பதால் அது போதாது. சித்தப்பா வந்து எடுத்து எஸ்டேட் ஸ்டோரில் ஒப்படைப்பார், இனி வீட்டுக்கு எதுவும் வராது என்று முடிவானது. மாத்திரையையும் ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கச் சொன்னோம்.

"சாக நினைச்சவங்க வேற வழி தேட மாட்டாங்களா?" என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. அந்த வேகம் இறங்கும்வரை கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். இலங்கை 1990களில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு அங்கே தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியானது.

திட்டம் பலன் தருகிறதா? 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று முன்னாள் படைவீரர்கள் 1,640 பேரைப் பார்த்தது. அவசரப் பிரிவில் திட்டம் எழுதி, வீட்டுக்குப் போன பின் போனிலும் விசாரித்தவர்களில், ஆறு மாதத்துக்குள் தற்கொலை நடவடிக்கையில் இறங்கியவர்கள் 100க்கு 3 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 5 பேர். இதில் தாளின் பங்கு எவ்வளவு, போன் விசாரிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. யாருக்குத் திட்டம், யாருக்கு வழக்கமான கவனிப்பு என்று இந்த ஆய்வில் சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. அதனால் நான் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. மருந்துக்கும் சிகிச்சைக்கும் இது மாற்றும் இல்லை. "சாக மாட்டேன்" என்று எழுதி வாங்கும் சத்தியப் பத்திரமும் அல்ல. அப்படி வாங்குவது உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பணியாளர்கள் அவசரத்தில் தாங்களே அழகான வாக்கியங்களால் நிரப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தாளைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் மூன்று படியாவது வரவில்லை என்றால் அது அவருடைய திட்டம் அல்ல.

மூன்றாம் நாள் போனில் கேட்டேன். அடுப்பு முன்னால் ஒரு தடவை நின்றாராம். தண்ணீர் ஊற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். அத்தை வீட்டில் இல்லை, கதவு பூட்டியிருந்தது. உடனே சித்தியைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது தாளை எடுத்து நீட்டி, மூன்றாம் படியில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: "அத்தை இல்லைன்னா, தண்ணிக் குழாயடி. அங்க எப்பவும் ஆள் இருக்கும்."