பதிவு வெளியாகும் நாளில் உரிமம் செல்லுமா?

நிறுவனங்களின் சமூக ஊடகப் பக்கங்களுக்கான பதிவுகளைத் தயாரித்து, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நாளும் நேரமும் குறித்து ஷெட்யூல் செய்து வைப்பது என் வேலை. படத்தையும் இசையையும் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் உரிமத்தைப் பார்க்கும் பழக்கம் இந்தத் தொழிலில் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் தேர்ந்தெடுத்த நாளுக்கும் பதிவு வெளியாகும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் அந்த உரிமத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்தேன். ஒரே காணொளியில் இரண்டு புகார்கள் வந்த பிறகுதான் பதிவேடு வைக்கத் தொடங்கினேன்.

அது ஒரு நிமிடக் காணொளி. மார்ச் முதல் வாரத்தில் தயாரித்து, ஏப்ரல் 28ஆம் தேதி வெளியாகுமாறு வைத்திருந்தோம். பின்னணி இசையை மாதச் சந்தா செலுத்தும் ஓர் இசைச் சேவையிலிருந்து எடுத்திருந்தோம். தொடக்கக் காட்சியில் வரும் புகைப்படம் CC BY 2.0 உரிமத்தில், அதாவது எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், கிடைத்தது. ஏப்ரல் 15ஆம் தேதி இசைச் சந்தாவைப் புதுப்பிக்காமல் வேறு சேவைக்கு மாறினோம். வரிசையில் காத்திருந்த காணொளி யாருக்கும் நினைவில் இல்லை. 28ஆம் தேதி அது தானாகவே வெளியானது. அன்று மாலைக்குள் இசைக்கு உரிமை கோரும் அறிவிப்பு வந்தது. அடுத்த வாரம் புகைப்படத்தை எடுத்தவரிடமிருந்து கடிதம் வந்தது.

இசையைப் பொறுத்தவரை எங்கள் வாதம் எளிதாக இருந்தது: பதிவிறக்கிய நாளில் சந்தா நடப்பில் இருந்தது, பணமும் கட்டியிருந்தோம். சேவையின் விதிமுறைகளை எடுத்து வாசித்தபோதுதான், சந்தா நடப்பில் உள்ள காலத்தில் வெளியிடப்பட்ட காணொளிகளுக்கு மட்டுமே உரிமம் தொடரும் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்தோம். சந்தாக் காலத்தில் வெளியானது சந்தா முடிந்த பிறகும் இணையத்தில் இருக்கலாம். முடிந்த பிறகு புதிதாக எதையும் வெளியிடக் கூடாது. எல்லாச் சேவைகளும் இப்படியல்ல. சில பதிவிறக்கிய நாளைக் கணக்கில் கொள்கின்றன, சில வெளியிட்ட நாளைக் கொள்கின்றன, சில எந்த சேனலில் வெளியாகிறது என்பதையும் முன்பே பதிந்துவைக்கச் சொல்கின்றன. ஆகவே சந்தா இசையை எடுக்கும்போது முதலில் தேட வேண்டியது, எந்த நாளை வைத்து உரிமம் கணக்கிடப்படுகிறது என்ற அந்த ஒரு வரியைத்தான். அது கிடைத்ததும் விதிமுறைப் பக்கம் முழுவதையும் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சேவைகள் தங்கள் விதிமுறைகளை மாற்றுகின்றன. நாம் ஒப்புக்கொண்ட வடிவம் நம்மிடம் இருக்க வேண்டும்.

இப்போது என் பதிவேடு ஒரு சாதாரண விரிதாள். ஒரு படத்துக்கோ இசைத்துண்டுக்கோ ஒரு வரி என்று வைக்காமல், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வரி என்று வைத்திருக்கிறேன். அதே இசை மூன்று பதிவுகளில் வந்தால் மூன்று வரிகள். இது வீண் வேலைபோலத் தோன்றலாம். ஆனால் பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வெளியிடும் வசதி பல ஷெட்யூல் கருவிகளில் உண்டு. முதல் வெளியீடு சந்தாவுக்குள் இருந்து, மூன்றாவது வெளியீடு வெளியே விழுந்துவிடுவது அப்படித்தான் நடக்கிறது. விரிதாளில் F நெடுவரிசையில் வெளியாகும் நாளும், G நெடுவரிசையில் உரிமம் முடியும் நாளும் இருக்கும். முடிவு நாள் இல்லாத உரிமங்களுக்கு G காலியாக இருக்கும். அடுத்த நெடுவரிசையில் இந்த வாய்பாடு:

```
=IF(AND(G2<>"",F2>G2),"நிறுத்து","சரி")
```

எங்கள் காணொளிக்கு இது ஏப்ரல் 28 என்பதையும் ஏப்ரல் 15 என்பதையும் ஒப்பிட்டு ‘நிறுத்து’ என்று காட்டியிருக்கும். மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவாக இருந்தாலும் G நெடுவரிசையில் கட்டிய பணம் எந்த நாள்வரை செல்லுமோ அந்த நாளைத்தான் எழுதுகிறேன், புதுப்பித்ததும் திருத்துகிறேன். இந்தக் கணக்கில் கவனம் தவறுவது ஷெட்யூல் செய்யும் நாளில் அல்ல, தேதியை மாற்றும் நாளில்தான். வாடிக்கையாளர் ‘இதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்’ என்று சொல்லும்போது கருவியில் மட்டும் தேதியை இழுத்துவிட்டு விரிதாளைத் திறக்காமல் விட்டால் பதிவேடு இருந்தும் பயனில்லை. அதனால் கருவியின் உள்குறிப்புப் பகுதியில் விரிதாளின் வரி எண்ணை எழுதி வைக்கிறேன். தேதியை மாற்றுபவர் யாராக இருந்தாலும் அந்த எண் கண்ணில் படும்.

புகைப்படத்தின் கதை வேறு. படத்தை எடுத்தவர் எழுதிய கடிதத்தில், தன் படத்தின் பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். போய்ப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. மார்ச் மாதம் நாங்கள் எடுத்தபோது அது CC BY 2.0 என்றுதான் இருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருவர் பின்னால் மாற்றிக்கொண்டாலும், முன்பே அந்த உரிமத்தின்படி எடுத்தவர்களிடமிருந்து அது பறிபோகாது. சட்டப்படி எங்கள் நிலை சரியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் மாதத்தில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை.

உரிமம் மாறுவது தனிமனிதர் பக்கங்களில் மட்டும் நடப்பதன்று. இலவசப் படங்கள் தரும் அன்ஸ்ப்ளாஷ் தளம் 2017 ஜூனில், பெயரைக்கூடக் குறிப்பிடாமல் பயன்படுத்தவிடும் CC0 உரிமத்திலிருந்து தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. அதுபோன்ற இன்னொரு தளமான பிக்சாபே 2019 ஜனவரியில் அவ்வாறே மாறியது. ஒரு படத்தை எந்த நாளில் எடுத்தோம் என்று தெரியாவிட்டால், எந்த உரிமத்தின்படி எடுத்தோம் என்பதும் தெரியாமல் போகிறது.

சான்று என்பது படத்தின் ஸ்கிரீன்ஷாட் அன்று. உரிமத்தின் பெயர், பக்கத்தின் முழு முகவரி, நாள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். உலாவியில் அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, தலைப்பும் அடிக்குறிப்பும் சேரும்படி பி.டி.எஃப். ஆக்கினால் முகவரியும் தேதியும் தாமாகவே வந்துவிடும். அதோடு, இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் Save Page Now வழியாக அதே பக்கத்தைச் சேமிக்கிறேன். நம் கணினியில் உள்ள கோப்பை நாமே திருத்தியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியும். மூன்றாம் தரப்பிடம் நாளோடு இருக்கும் நகலை அப்படிச் சொல்வது கடினம். இந்தச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்தவர் எடுத்த படத்தைத் தனதென்று ஒருவர் பதிவேற்றி உரிமம் வழங்கியிருந்தால், அந்த உரிமமே செல்லாது, எத்தனை பி.டி.எஃப். வைத்திருந்தாலும் நாம் நல்லெண்ணத்தோடு நடந்தோம் என்பதைத்தான் அவை காட்டும். ஆகவே எடுத்தவரின் பக்கத்தில் மற்ற படங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, ஒருமுறை படத்தைக் கொண்டே தேடியும் பார்க்கிறேன்.

அந்தப் புகைப்படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. அது முழுக்க முழுக்க எங்களுடையது. பெயர்க் குறிப்பைப் பதிவின் கடைசி வரியாக எழுதியிருந்தோம். மூன்று தளங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது, எழுத்து வரம்பு குறைவாக உள்ள தளத்துக்காக ஒருவர் வாசகத்தைச் சுருக்கியிருக்கிறார். எதை வெட்டுவது என்று பார்த்தால் கடைசி வரிதானே முதலில் போகும். பெயர் இல்லாமல் படம் வெளியாகிவிட்டது. பெயரைப் படத்தின் மூலையிலேயே பொறித்துவிடுவதும் முழுத் தீர்வாகாது. தளம் சதுரமாக வெட்டிக் காட்டும்போது மூலை காணாமல் போகும். முதல் பின்னூட்டமாக இடுவதற்குக் கருவியை நம்பினால், பதிவு வெளியாகிப் பின்னூட்டம் மட்டும் தவறிப்போன நாட்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது நான் பெயரை வாசகத்தின் முதல் பத்திக்கு அடுத்தே வைக்கிறேன். காணொளியாக இருந்தால் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளித் திரையிலும் காட்டுகிறேன்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் பதிப்பைப் பொறுத்தது. ‘நன்றி: கூகுள்’ என்றும் ‘நன்றி: இணையம்’ என்றும் எழுதும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, அது யாருக்கும் சொல்லப்படும் நன்றி ஆகாது. பழைய 2.0, 3.0 பதிப்புகளில், படத்துக்குத் தலைப்பு தரப்பட்டிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும், 4.0 பதிப்பில் தலைப்பு கட்டாயமில்லை, ஆனால் படத்தில் மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். பதிப்பு எதுவானாலும் நான் இப்படி எழுதிவிடுகிறேன்: ‘படம்: தலைப்பு, எடுத்தவர் தந்துள்ள பெயர், CC BY 2.0, ஓரங்கள் வெட்டப்பட்டன’. கூடவே படத்தின் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பு. இந்த வரியைப் படம் எடுத்த அன்றே விரிதாளில் எழுதி முடித்துவிட வேண்டும். ஏழு வாரம் கழித்துத் தேடி எழுதும் பெயர் பெரும்பாலும் பாதிப் பெயராகத்தான் இருக்கும்.

பதிப்பு எண்ணைக் குறித்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும் என்பது எல்லாப் பதிப்புகளுக்கும் பொது. ஆனால் 4.0 பதிப்பில், மீறலை நாம் அறிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகவே மீளும். எங்கள் படம் 2.0; அதில் இந்த வழி இல்லை. ஆகவே கடிதம் வந்த அன்றே பதிவை இறக்கி, படத்தை எடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினோம். வேறு படமும், புதிய சேவையிலிருந்து வேறு இசையும் சேர்த்துக் காணொளியை மீண்டும் தயாரித்தோம்.

பல மாதங்களுக்குப் பிறகு இன்னொரு காணொளிக்கு யூடியூபில், பதிவேற்றும் காணொளிகளில் பிறர் இசையோ படமோ உள்ளதா என்று தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் Content ID முறையின்வழி உரிமைக் கோரல் வந்தது. இந்த முறை விரிதாளில் அந்த வரியைத் திறந்தேன்: இசையின் பெயர், பதிவிறக்கிய நாள், வெளியான நாள், அந்த மாதச் சந்தா ரசீது, விதிமுறைப் பக்கத்தின் பி.டி.எஃப்., சேனல் பதிவு செய்யப்பட்டதன் உறுதிமடல். ஆட்சேபத்தை எழுத இருபது நிமிடங்கள் ஆயின. கோரியவர் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கோரல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நாளையும் அதே வரியில் எழுதி வைத்தேன். காணொளி இணையத்தில் இருக்கும்வரை அந்த வரியை அழிக்கப் போவதில்லை.