'தொடரும் கவலை' அல்ல, தொடர்ந்தியங்குதல்

நிலாவெளிப் பக்கம் இருக்கிற சின்ன ஹோட்டல் கம்பனி ஒன்றின் பங்குதாரர் போன கிழமை திருகோணமலை டவுனில் என்னை மறித்துக் கேட்டார், "தம்பி, ஒடிட்டர்மாருக்கு எங்கட ஹோட்டலைப் பற்றி அப்படி என்ன கவலை?" கையில் இருந்த கணக்காய்வு அறிக்கையின் தமிழ்ப் பிரதியைப் பார்த்தால், நிதிக்கூற்றுகள் 'தொடரும் கவலை அடிப்படையில்' தயாரிக்கப்பட்டனவாம். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை.

மூலம் 'கோயிங் கன்சேர்ன்'. கன்சேர்ன் என்றால் கவலை என்றும் வரும், ஒருவருக்குத் தொடர்புள்ள அலுவல் என்றும் வரும். அந்த இரண்டாவதிலிருந்துதான் வியாபாரம், நிறுவனம் என்ற பொருள் பிறந்தது. கோயிங் என்பது, 'கடை நல்லா ஓடுது' என்கிறோமே, அந்த ஓட்டம்.

ஆகவே இது நோயின் பெயர் இல்லை, சுகமாக இருப்பதின் பெயர். நிறுவனம் கிட்டிய காலத்தில் மூடப்படாது, கடனைக் கட்டிக்கொண்டு ஓடும் என்று எடுத்துக்கொண்டு கணக்கு எழுதுவதுதான் அந்த அடிப்படை. ஹோட்டலின் ஜெனரேட்டர் ஏட்டில் 30 இலட்சம் என்று நிற்கிறது, நாளைக்கே மூடி விற்றால் 6 இலட்சம்கூட வராது; ஹோட்டல் ஓடும் என்பதால்தான் 30 என்று எழுத முடிகிறது. எந்தக் குறையும் இல்லாத கம்பனியின் அறிக்கையிலும், பணிப்பாளர்களின் பொறுப்பு பற்றிய பந்தியில் இந்தச் சொல் வரும். அதைக் கவலை என்று போட்டால் நாட்டிலுள்ள எல்லாக் கம்பனியும் கவலைக்கிடம் என்றாகிவிடும், உண்மையில் சந்தேகம் உள்ள கம்பனியைப் பிரித்துக் காட்டச் சொல்லும் இருக்காது.

இன்னொரு பக்கம் 'தொடரும் நிறுவனம்' என்கிறார்கள். கவலையை விட எவ்வளவோ மேல், ஆனாலும் போதாது. பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை ஒரு கம்பனி தொடர்கிறதுதான், கதவு பூட்டிக் கிடந்தாலும்கூட. நமக்கு வேண்டியது இயக்கம். அதோடு அறிக்கையில் நிறுவனத்தின் ஆற்றலைப் பற்றித்தான் பேச்சு. 'தொடர்ந்தியங்கும் ஆற்றல்' என்றால் வசனம் தடுக்காமல் போகும். 'தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு' நம் கணக்கீட்டு வகுப்புகளில் பழகிய சொல், அதை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

சரி, அந்த ஹோட்டலில் உண்மையில் நடந்தது என்ன? மார்ச் 31இல் கணக்கு முடிகிறது. அடுத்த 12 மாதத்துக்குள் வங்கிக்கு 4 கோடியே 80 இலட்சம் கட்ட வேண்டும், கையில் 35 இலட்சம். சீசனில் 70 வீத அறைகள் நிரம்பும் என்று பணிப்பாளர்கள் காசுப் பாய்ச்சல் எதிர்வுகூறல் கொடுத்தார்கள். கணக்காய்வாளர் முந்தின வருடத்து எதிர்வுகூறலை எடுத்து நடந்ததோடு ஒப்பிட்டார்: 65 என்று சொன்ன இடத்தில் 38தான். கடன் தவணையை நீடிப்பதாக வங்கி வாயால் சொன்னது, கடிதம் தரவில்லை. முதலாளி தன் பணத்தைப் போடுவதாகக் கடிதம் தந்தார், அந்தப் பணம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக, முக்கியமான ஒரு நிச்சயமின்மை இருக்கிறது. ஆனால் பணிப்பாளர்கள் இதையெல்லாம் நிதிக்கூற்றுகளின் 22ஆம் குறிப்பில் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

அறிக்கையின் வாசகம் இந்த இடத்தில்தான் மாறுகிறது. இலங்கைக் கணக்காய்வு நியமம் 570இன்படி, குறிப்பு போதுமானதாக இருந்தால் கணக்காய்வாளரின் அபிப்பிராயம் மாறாது. தனித் தலைப்பில் ஒரு பந்தி சேரும், அது 22ஆம் குறிப்பைக் காட்டி, 'இவ்விடயம் தொடர்பில் எமது அபிப்பிராயம் மாற்றப்படவில்லை' என்று முடியும். அந்தக் குறிப்பே இல்லாமல் போயிருந்தால் 'இந்த விடயம் தவிர' என்று வரும் அபிப்பிராயம், இல்லாவிட்டால் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்கிற பாதகமான அபிப்பிராயம். மூடுவது நிச்சயம் என்று தெரிந்த பிறகும் ஓடுகிற நிறுவனம் போலக் கணக்கு எழுதினால், எத்தனை குறிப்புப் போட்டாலும் பாதகம்தான்.

இப்போது அந்தத் தலைப்பின் தமிழைப் பாருங்கள்: 'தொடரும் கவலை தொடர்பான பொருள் நிச்சயமின்மை'. என்ன பொருள், கடைப் பொருளா? ஆங்கிலத்தில் மெட்டீரியல் என்று இருந்ததும் பொருள் என்று போட்டுவிட்டார்கள், முடிவை மாற்றக்கூடிய அளவுக்குப் பெரியது என்ற கருத்து காணாமல் போய்விட்டது. மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள், வைத்த வசனத்தை ஒருதரம் தமிழாக வாசித்துப் பார்ப்பதில்லை. இதை வாசித்துத்தான் ஒருவர் தன் சேமிப்பை வைப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்கிறார். 'தொடர்ந்தியங்குதல் தொடர்பான முக்கிய நிச்சயமின்மை' என்று எழுதுவதில் என்ன கஷ்டம்?

அந்தப் பங்குதாரரை ஒரு டீக்கடையில் இருத்தி 22ஆம் குறிப்பை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "அப்ப கவலை இல்லை, கடன்தான் பிரச்சினை" என்றார். பொதுக்கூட்டத்தில் வங்கியின் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்கப் போகிறார்.