மாடியில் பெய்த மழையும் தொட்டிக்கு வந்த மழையும்

தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஒரு குடியிருப்பில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் என்னை அழைத்தார். முந்தைய நாள் மாலையில் தம் கீழ்நிலைத் தொட்டிக்குள் மூங்கில் கழியை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார். இரவெல்லாம் மழை. மறுநாள் அப்பகுதியில் 6 செ.மீ. மழை பதிவானதாகச் செய்தி வந்தது. மீண்டும் கழியை இறக்கிப் பார்த்தபோது நீர்மட்டம் 46 செ.மீ. மட்டுமே உயர்ந்திருந்தது. அவருடைய கணக்குப்படி அது 125 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். "பாதிக்கு மேல் காணோம், சார். தொட்டியில் விரிசல் இருக்கும், உள்ளே முழுவதும் கசிவுத் தடுப்புப் பூச்சு பூச வேண்டும் என்று வீடு கட்டியவர் சொல்கிறார்" என்றார்.

அவர் போட்ட பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். எனவே சதுர மீட்டரில் உள்ள பரப்பை மில்லிமீட்டரில் உள்ள மழையால் பெருக்கினால் லிட்டர் கிடைத்துவிடும். நாம் வீட்டைச் சதுர அடியில் அளக்கிறோம், மழையைச் செ.மீ.யில் கேட்கிறோம் என்பதால், 1000 சதுர அடியில் 1 செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர் என்று மனத்தில் வைத்துக்கொள்வது எளிது. அவர் வீட்டு மொட்டை மாடி, கைப்பிடிச் சுவரின் உட்புற அளவில் 40 அடிக்கு 25 அடி, அதாவது 1000 சதுர அடி. 6 செ.மீ. மழைக்கு 5,570 லிட்டர் அளவில் வரவேண்டும்.

லிட்டருக்கே போகாமல் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நேர்ச்சுவர் கொண்ட தொட்டி என்றால், கூரையின் பரப்பைத் தொட்டியின் தரைப் பரப்பால் வகுத்தால் போதும். அவர் தொட்டியின் உட்புறம் 8 அடிக்கு 6 அடி, அதாவது 48 சதுர அடி. 1000-ஐ 48-ஆல் வகுத்தால் 20.8 வருகிறது. மாடியில் பெய்யும் ஒவ்வொரு செ.மீ. மழைக்கும் தொட்டியில் 20.8 செ.மீ. உயர வேண்டும் என்பது இதன் பொருள், 6 செ.மீ.க்கு 125 செ.மீ. என்று அவர் சொன்னது இப்படித்தான் வந்தது. ஆக, பெருக்கிய இரண்டு எண்களில் ஏதோ ஒன்று, அல்லது இரண்டுமே, அந்தத் தொட்டிக்கு உரியவை அல்ல என்றுதான் நினைக்க இடமிருந்தது. தொட்டி கசிகிறதா என்பதை முதலில் முடித்துவிடலாம் என்று, மழை இல்லாத ஒரு நாளில் மோட்டாரை நிறுத்தி, குடிநீர் இணைப்பின் வால்வையும் மூடி, 24 மணி நேரம் விட்டுப் பார்த்தோம். கழியில் குறித்த கோடு இறங்கவில்லை. பூச்சு வேலைக்குக் கேட்ட முன்பணம் தப்பியது.

அடுத்து மாடிக்கு ஏறினோம். நான்கு மூலைகளிலும் மழைநீர்க் குழாய்கள் இருந்தன. அவற்றில் முன்பக்கக் குழாய்கள் இரண்டும் தொட்டிக்கு இணைக்கப்பட்டிருந்தன. பின்பக்கத்தில் உள்ள இரண்டும் கொல்லையில் தரைமட்டத்தில் திறந்தபடி முடிந்திருந்தன. பின்பக்கத்து நீர் முழுவதும் தென்னைக்குப் பக்கத்தில் தேங்கி, பிறகு தெருவுக்குப் போயிருக்கிறது. இந்தத் தவற்றை நான் பார்க்கும் வீடுகளில் அடிக்கடி காண்கிறேன். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பலரும் அவசரமாகக் கைக்கு எட்டிய குழாயை மட்டும் இணைத்தார்கள். அந்தப் பழக்கம் புதிய வீடுகளிலும் தொடர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டு குழாய்தானே, அப்படியானால் பாதி மாடி என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. எந்தக் குழாய்க்கு எவ்வளவு பரப்பு என்பதைக் குழாய்களின் எண்ணிக்கை சொல்லாது, தளத்தின் வாட்டம்தான் சொல்லும். தட்டோடு பதிக்கும்போது கொத்தனார் கொடுத்த வாட்டம் எந்த இடத்தில் இரு பக்கமும் பிரிகிறதோ, அந்தக் கோடுதான் எல்லை. வரைபடத்தில் அது நடுவில் இருந்தாலும் தளத்தில் அப்படியே இருப்பது அரிது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு சாக்கட்டியும் போதும். மாடியின் நடுப்பகுதியில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நகர்ந்து, ஓட்டம் திரும்பும் இடங்களில் எல்லாம் புள்ளி வைத்தோம். புள்ளிகளைச் சேர்த்தபோது, கோடு முன்பக்கச் சுவரிலிருந்து ஏறக்குறைய 13 அடியில் 40 அடி நீளத்துக்கும் போயிற்று. எனவே தொட்டிக்கு நீர் தரும் பரப்பு 520 சதுர அடி, அதாவது 48.3 சதுர மீட்டர். அவர் கணக்கில் எடுத்த 1000 சதுர அடியில் ஏறத்தாழ பாதி இங்கேயே கழிந்துவிட்டது.

ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் உள்ளவர்கள் பரப்பில் வேறொரு தவறு செய்கிறார்கள். சரிவின் மேல் டேப்பை வைத்து அளந்து அதைப் பெருக்குகிறார்கள். கூரை எவ்வளவு சரிவாக இருந்தாலும், அது தரையில் மறைக்கும் இடத்தில் விழவேண்டிய மழையைத்தான் வாங்குகிறது. 30 பாகைச் சரிவில் 12 அடி நீளமுள்ள தகடு தரையில் மறைப்பது சுமார் 10.4 அடிதான். ஆகவே இறவாணத்தின் நுனிக்கு நேர்கீழே தரையில் புள்ளி வைத்து, தரையில் அளக்க வேண்டும்.

மீண்டும் தலைமையாசிரியர் வீட்டுக்கு வருவோம். பரப்பு சரியானபின், மழையின் எண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. செய்தியில் வரும் அளவு காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. நள்ளிரவு முதல் நண்பகல் வரை விடாமல் பெய்த ஒரே மழை இரண்டு நாள்களின் பதிவில் பிரிந்து கிடக்கும். அதைவிட முக்கியமாக, அந்த அளவு மழைமானி இருக்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. சென்னையில் ஒரு பகுதி வெள்ளக்காடாக இருக்கும்போது சில கிலோமீட்டர் தள்ளித் தெரு நனையாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனவே அவர் மாடியிலேயே அளக்க ஏற்பாடு செய்தோம். அவர் முதலில் எடுத்து வந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின் வாய் அகலம், அடி குறுகல். அகன்ற வாய் வாங்கிய மழை குறுகிய அடியில் நிற்பதால், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அடி தட்டையாகவும் சுவர் வாய்வரை ஒரே அகலமாகவும் உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேடி எடுத்தோம். அத்தகைய பாத்திரத்தில் ஸ்கேல் காட்டும் மில்லிமீட்டரே மழையின் மில்லிமீட்டர். கைப்பிடிச் சுவரும் படிக்கட்டு அறையும் மறைக்காதபடி மாடியின் நடுவில் செங்கற்களை அடுக்கி, அதன்மேல் காற்றில் சாயாமல் டப்பாவை நிறுத்தினோம். தளத்தில் தெறிக்கும் துளி உள்ளே விழாமல் இருக்க அந்த உயரம் தேவை.

அடுத்த வாரம் பெய்த மழையில் டப்பாவில் 42 மி.மீ. நின்றது. 48.3 சதுர மீட்டரை 42-ஆல் பெருக்கினால் 2,029 லிட்டர். பரப்புகளின் விகிதப்படி பார்த்தால், 520-ஐ 48-ஆல் வகுத்து 4.2-ஆல் பெருக்க, தொட்டி 45.5 செ.மீ. உயர வேண்டும். கழி காட்டியது 39 செ.மீ., அதாவது ஏறக்குறைய 1,740 லிட்டர். பெய்த நூறில் எண்பத்தாறு பங்கு தொட்டிக்கு வந்திருக்கிறது. தட்டோடு பதித்த தளத்துக்கு இது நல்ல விளைவு.

மீதி பதினான்கு பங்கை மழையின் உயரமாக மாற்றிப் பார்ப்பதே எனக்குப் பிடித்த முறை. 39 செ.மீ. உயர்வு என்பது மாடியில் 36 மி.மீ. மழைக்குச் சமம், ஆகவே கழிந்தது 6 மி.மீ. அவர் ஒவ்வொரு மழையின் தொடக்கத்திலும், தூசியும் பறவை எச்சமும் போகட்டும் என்று, கழிவு வால்வைக் கால் மணி நேரம் திறந்து வைப்பார். இழப்பின் பெரும் பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்றது காய்ந்த தட்டோடு குடித்ததும் பள்ளங்களில் தங்கியதும். இந்த இழப்பு மழை பெரிதாகும்போது அதே விகிதத்தில் பெருகுவதில்லை. தூறலாக 5 மி.மீ. பெய்தால் அவர் தொட்டிக்கு ஏறத்தாழ ஒன்றுமே வராது. 100 மி.மீ. பெய்தால் நூறில் தொண்ணூற்று நான்கு பங்கு வந்துவிடும். எல்லா மழைக்கும் 0.8 என்றோ 0.9 என்றோ ஒரே எண்ணால் பெருக்குவது ஆண்டுக் கணக்குக்குப் பொருந்தலாம். ஒரு நாள் மழையைச் சரிபார்க்க, பெய்த உயரத்திலிருந்து முதலில் இழப்பைக் கழித்துவிட்டுப் பெருக்குவதே நல்லது.

இதைக் கொண்டு முதல் மழைக்குத் திரும்பினோம். 46 செ.மீ. உயர்வை விகிதமான 10.83-ஆல் வகுத்தால் 4.25 செ.மீ.; இழந்த 0.6 செ.மீ.யைக் கூட்டினால் 4.85 செ.மீ. அவர் வீட்டில் அன்று பெய்தது 6 செ.மீ. அல்ல, ஏறக்குறைய 5 செ.மீ.தான். காணாமல் போனதாக அவர் நினைத்த 79 செ.மீ. நீரில் பெரும்பங்கு பின்பக்கக் குழாய்கள் வழியாகவும், கொஞ்சம் கழிவு வால்வு வழியாகவும் போயிருந்தது. எஞ்சியது அவர் மாடியில் பெய்யவே இல்லை.

பின்பக்கக் குழாய்களையும் பக்கச் சந்து வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவரலாம் என்று அவர் கேட்டார். செய்யலாம், ஆனால் அதே விகிதம் இன்னொன்றையும் சொல்கிறது. அவர் தொட்டியில் நிரம்பிவழியும் குழாய் 6 அடி உயரத்தில், அதாவது 183 செ.மீ.யில் இருக்கிறது. முழு மாடிக்கும் உரிய 20.8-ஆல் அதை வகுத்தால் 8.8 செ.மீ. காலித் தொட்டியாக இருந்தாலும், இழப்பு போக அவ்வளவு மழை வந்ததும் நிரம்பிவிடும். நவம்பரில் அது இரண்டு நாள் கனமழைகூட இல்லை. பயன்படுத்தும் வேகத்தைவிட வேகமாக வரும் நீரைத் தொட்டி தாங்காது. எனவே பின்பக்கக் குழாய்களை இணைப்பதற்கு முன்னால், நிரம்பிவழியும் குழாயைத் தெருவிலிருந்து திருப்பிக் கொல்லைக் கிணற்றுக்கு அருகில் வெட்டிய உறிஞ்சு குழிக்கு விடச் சொன்னேன். குழிக்கும் தொட்டிக்கும் நடுவே பத்து அடி இடைவெளி விட்டு, ஜல்லியும் மணலும் நிரப்பினார்கள். மூங்கில் கழியில் இப்போது செ.மீ.க்குச் செ.மீ. கோடு போட்டிருக்கிறார், மழை நின்றதும் முதலில் டப்பாவையும் பிறகு கழியையும் பார்த்து, இரண்டு எண்களையும் நாட்காட்டித் தாளில் எழுதி வைக்கிறார்.