90 சதவீதம் ஒத்துப்போயும் தேறாத கோடிங்

"வளைவில் திரும்பியபோது கட்டுப்பாட்டை இழந்த பைக், எதிரே வந்த லாரி மீது மோதியது." இந்தச் செய்தி சாலையைக் குறை சொல்கிறதா? வளைவு என்று வந்திருக்கிறதே என்று ஒருவர் 'ஆம்' போடுவார். நடந்த இடத்தைச் சொன்னார்களே தவிர சாலை மோசம் என்று எங்கே சொன்னார்கள் என்று இன்னொருவர் 'இல்லை' போடுவார். இருவரும் கவனமாகத்தான் படித்திருக்கிறார்கள். கோளாறு, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட விதியில் இருக்கிறது.

ஊடகவியல் மாணவிகள் இருவர், நாளிதழ்களின் சாலை விபத்துச் செய்திகள் யார்மேல் பழி போடுகின்றன என்று உள்ளடக்க ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில், எதை 'ஒன்று' என்று எண்ணுவது? ஒரே விபத்துக்குப் பெரிய செய்தி, படக்குறிப்பு, பெட்டிச் செய்தி மூன்றும் வந்திருந்தால் அது ஒன்றா, மூன்றா? இதை முடிவு செய்யாமல் தொடங்கினால் இருவரின் மொத்த எண்ணிக்கையே ஒத்துவராது.

அடுத்து கேள்விகள். 'முக்கியக் காரணம் எது?' என்று ஒரே கட்டம் வைக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் ஒரே செய்தி ஓட்டுநரின் வேகத்தையும் சாலைப் பள்ளத்தையும் சேர்த்தே சொல்லும். அதனால் ஓட்டுநர், வண்டி, சாலை என்று தனித்தனிக் கட்டம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஆம் அல்லது இல்லை போடச் சொல்வதுதான் நல்லது. செய்தியைப் படித்து இப்படிக் கட்டங்களை நிரப்புவதைத்தான் கோடிங் என்கிறார்கள்.

இனி வெள்ளோட்டம். இருவரும் அதே 50 செய்திகளை, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் கோடிங் செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து "நீ இதுக்கு என்னடி போட்ட?" என்று கேட்டுக்கொண்டே செய்தால், வருவது அவர்கள் நட்பின் அளவு மட்டுமே.

சாலைக் கட்டத்தில் 44 செய்திகளுக்கு இருவரும் 'இல்லை', 1 செய்திக்கு இருவரும் 'ஆம்'. முதலாமவர் மட்டும் 'ஆம்' போட்டது 3, இரண்டாமவர் மட்டும் போட்டது 2. ஆக, 50-க்கு 45 ஒத்துப்போகிறது. 90 சதவீதம்! பல மாணவர்கள் இத்தோடு கணக்கை மூடிவிடுவார்கள்.

ஆனால் சாலையைக் குறை சொல்லும் செய்தி அரிது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாலும் இருவரும் முழுக்க ஒத்துப்போவார்கள். இந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கத்தான் 1960-இல் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவைக் கொடுத்தார்.

```
κ = (Po − Pe) / (1 − Pe)
```

`Po` என்பது கண்ட ஒற்றுமை, இங்கே 0.90. `Pe` தற்செயலாக எதிர்பார்க்கும் ஒற்றுமை. முதலாமவர் மொத்தம் 4 'ஆம்' போட்டார், அதாவது 0.08. இரண்டாமவர் 3, அதாவது 0.06. இருவரும் தற்செயலாக 'ஆம்' போட வாய்ப்பு 0.08 × 0.06, 'இல்லை' போட 0.92 × 0.94. கூட்டினால் ஏறக்குறைய 0.87. ஆக, 0.03-ஐ 0.13-ஆல் வகுக்க வேண்டும். கப்பா வெறும் 0.23. 'ஆம்' என்று ஒருவராவது சொன்ன ஆறு செய்திகளில் ஒன்றில்தானே இருவரும் சேர்ந்தார்கள்? அந்த உண்மையைத்தான் இந்த எண் போட்டுடைக்கிறது.

இப்போது முரண்பட்ட அந்த ஐந்து செய்திகளையும் மேசையில் பரப்பி, விதியைத் திருத்த வேண்டும். "வளைவு, பாலம், சந்திப்பு என்று இடத்தை மட்டும் சொன்னால் 'இல்லை'. பள்ளம், தெருவிளக்கின்மை, எச்சரிக்கைப் பலகை இல்லாமை போன்ற குறையைச் செய்தியே சொன்னால் 'ஆம்'. பொதுமக்கள் புகாராக வந்தாலும் 'ஆம்'." இப்படி எடுத்துக்காட்டோடு எழுதிய விதிதான் அடுத்தவருக்கும் பயன்படும். 'சூழலைப் பொறுத்து முடிவு செய்க' என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றுதான்.

திருத்திய விதியைப் பழைய 50 செய்திகளில் சோதிக்கக் கூடாது. விடை தெரிந்த தேர்வு அது. புதிதாக 50 எடுத்ததில் 42-க்கு இருவரும் 'இல்லை', 6-க்கு இருவரும் 'ஆம்', ஆளுக்கு ஒன்றில் மட்டும் தனியாக 'ஆம்' என்றால் கப்பா 0.83. ஒரு எச்சரிக்கை: இம்முறை மழைக்கால இதழ்கள் கலந்து 'ஆம்' கூடியிருந்தால், கப்பா ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. வெள்ளோட்டத்துக்கு அப்படி வேண்டுமென்றே கலப்பதில் தவறில்லை, அரிய வகையைச் சோதிக்க அது எளிய வழி. கலந்ததை ஆய்வேட்டில் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு வந்தால் போதும்? உள்ளடக்க ஆய்வு அறிஞர் கிளாவுஸ் கிரிப்பெண்டார்ஃப், கப்பாவைப் போலவே தற்செயலைக் கழித்துப் பார்க்கும் தன் ஆல்ஃபா அளவுக்கு 0.80 வேண்டும் என்றார், 0.667 வரை தற்காலிக முடிவுகளுக்கு மட்டும் ஏற்கலாம் என்றார். கப்பாவுக்கும் பலர் இதையே வைத்துக்கொள்கிறார்கள். இருவருக்கு மேல் கோடிங் செய்தாலோ, சில கட்டங்கள் காலியாக விடப்பட்டிருந்தாலோ ஆல்ஃபாதான் வசதி.

எண்ணைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாகத் தர வேண்டும். சராசரி போட்டால், 'செய்தித்தாளின் பெயர்' போன்ற சுலபமான கட்டங்களின் முதுகில் ஏறி மோசமானதும் தப்பிவிடும். பேசித் தீர்த்த பிறகு வரும் ஒற்றுமையையும் கணக்கில் காட்டக் கூடாது. 'செய்தியின் தொனி' என்றொரு கட்டம் பல ஆய்வுகளில் இருக்கும். இரண்டு மூன்று முறை விதியைத் திருத்தியும் 0.4-ஐத் தாண்டவில்லை என்றால், அந்தக் கட்டத்தை முடிவுகளிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.