கோழியை மூட்டில் பிரியுங்கள், எலும்பை உடைக்காதீர்கள்

கோழிக்குழம்பு சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபடும். எடுத்துப் பார்த்தால் அரிசி அளவில் ஒரு எலும்புச் சில்லு. பெரியவர்கள் துப்பிவிட்டு அடுத்த வாய் சாப்பிடப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும், பல்செட் வைத்திருக்கும் வயதானவர்களுக்கும் அப்படி இல்லை. வாய்க்குள் அது இருப்பதே தெரியாமல் தொண்டைக்குப் போய்விடும். மெஸ்ஸிலும் விசேஷ வீடுகளிலும் சமைக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தச் சில்லுகளில் பெரும்பாலானவை வெட்டும் விதத்தால் உண்டாகிறவை. வெட்டை மாற்றினால் அவை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நின்று பாருங்கள். தோலை உரித்த கோழி புளியங்கட்டையில் விழும், கத்தி டக் டக்கென்று இறங்கும், ஒரு நிமிடத்தில் கறி கவருக்குள் போய்விடும். அந்தக் கூட்டத்தில் மூட்டு பார்த்து வெட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? கத்தி எங்கே விழுந்ததோ அங்கே வெட்டு. ஒரே வெட்டில் எலும்பு துண்டாகிவிட்டால்கூட அவ்வளவு மோசமில்லை. பாதி வெட்டுப்பட்டு நின்று, இரண்டாவது வெட்டு ஒரு நூல் தள்ளி விழும்போதுதான் வம்பு. இரண்டு வெட்டுக்கும் நடுவில் மாட்டிய எலும்பு சில்லுச் சில்லாக உதிர்ந்து கறியில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய எலும்புகள் இரண்டு. முதலாவது காலில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் லெக் பீஸில் பெரிய எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக இன்னொரு மெல்லிய எலும்பு ஓடும். மேல்முனை சற்றுத் தடித்து, கீழே போகப் போகக் கோணி ஊசி போலக் கூர்மையாகிவிடும். லெக் பீஸை முழுதாக விட்டால் இந்த எலும்பு நீளமாக அப்படியே இருக்கும், சாப்பிடுகிறவர் கண்ணில் பட்டுவிடும். லெக் பீஸைக் குறுக்கே வெட்டினால் கூர்நுனி தனியாகக் கழன்று, வெந்தபின் கறிக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டாவது, இறக்கையின் மேல்பகுதி எலும்பு. அதன் உள்ளே மஜ்ஜை இல்லாமல் காற்றறைதான் இருக்கும். மேல்கூடு மெல்லியது, அடித்தால் பிளந்து சிதறும். ஆகவே இந்த இரண்டு எலும்பையும் குறுக்கே வெட்டவே கூடாது என்பது எங்கள் சமையலறையில் கட்டாயம்.

சரி, வீட்டில் ஒரு கோழியை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். உயிரோடு 2 கிலோ இருந்த பிராய்லர் தோல் உரித்துச் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய 1.3 கிலோ நிற்கும். கடையில் வெட்டாமல் முழுதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு அங்குல அளவில் நல்ல கூரான கத்தி ஒன்று, முதுகெலும்புக்கு மட்டும் கனமான வெட்டுக்கத்தி ஒன்று, இவ்வளவுதான் தேவை. அரிவாள்மணையில் கை பழகியவர்கள் மூட்டுகளை அதிலேயே பிரிக்கலாம்.

முதலில் கால். கோழியை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் சவ்வை லேசாகக் கீறுங்கள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தொடையைக் கையால் வெளிப்பக்கம் மடக்கி முதுகை நோக்கி அழுத்துங்கள். இடுப்பு மூட்டின் உருண்டை முனை குழியிலிருந்து நழுவி மேலே எழும்பும். அந்த வெள்ளை உருண்டைக்கும் குழிக்கும் நடுவில் கத்தியை விட்டால் தடையே இல்லாமல் இறங்கும். முதுகுப்பக்கம் வரும்போது கத்தி முதுகெலும்பை ஒட்டியே போகட்டும். அங்கே இடுப்பெலும்பின் பள்ளத்தில் ஒரு சின்ன உருண்டைக் கறி இருக்கும். கோழியிலேயே மிருதுவான கறிகளில் ஒன்று அது. அவசரமாக வெட்டினால் முதுகோடு தங்கிப் போய்விடும், நிதானமாக வெட்டினால் தொடையோடு வந்துவிடும்.

கழற்றிய காலை உள்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். தொடையும் லெக் பீஸும் சேரும் இடத்தில் மெல்லிய கொழுப்புக்கோடு ஒன்று தெரியும். முழங்கால் மூட்டு அந்தக் கோட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. கோட்டின் மேல், லெக் பீஸ் பக்கமாக மயிரிழை தள்ளிக் கத்தியை வைத்து அழுத்தினால் போதும். கத்தி முட்டினால் பலத்தைக் கூட்டாதீர்கள். காலை ஒரு முறை மடக்கி நீட்டி, எங்கே அசைகிறது என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, கத்தியைச் சற்று நகர்த்துங்கள்.

சரியாக வெட்டினோமா என்பதை வெட்டுவாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெள்ளையாக, வழவழவென்று, பளபளப்பாக இருந்தால் மூட்டில் பிரிந்திருக்கிறது. நடுவில் சிவப்பாக மஜ்ஜை தெரிந்தால் எலும்பு வெட்டுப்பட்டிருக்கிறது, விரலால் தடவிச் சில்லு பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டித் தருவது இதைத்தான்.

லெக் பீஸை முழுதாக விட்டு, உப்பும் காரமும் இறங்க எலும்பு வரை இரண்டு கீறல் போடுங்கள். தொடை பெரிதாகத் தெரிந்தால் அதையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. எலும்பின் ஒரு பக்கமாக நீளவாக்கில் கீறினால் எலும்போடு ஒரு துண்டும் எலும்பில்லாமல் ஒரு துண்டும் கிடைக்கும். எலும்பில்லாத துண்டு பிள்ளைகளுக்கு.

இறக்கையும் இதே முறைதான். தோளில் ஆட்டிப் பார்த்தால் மூட்டு தெரியும், அங்கே கழற்றி, முழங்கை மூட்டில் இரண்டாக்குங்கள்.

இப்போது மிஞ்சுவது நெஞ்சும் முதுகும் சேர்ந்த கூடு. கழுத்துப் பக்கம் நெஞ்சின் மேல்முனையில் இரண்டாகப் பிரிந்த மெல்லிய எலும்பு ஒன்று இருக்கும். கத்தி நுனியால் இருபுறமும் சுரண்டி அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் நெஞ்சை வெட்டும்போது அது ஒடியும். பிறகு விலாவின் பாதியில், வால்பக்கமிருந்து தோள் வரை இருபுறமும் வெட்டிக்கொண்டு போய்க் கையால் விரித்தால் நெஞ்சும் முதுகும் தனியாகும். நெஞ்சைக் கவிழ்த்து நடு எலும்பின் மேல் நீளவாக்கில் ஒரே வெட்டு. பின்முனை குருத்தெலும்பு என்பதால் அழுத்தினாலே பிரிந்துவிடும். ஒவ்வொரு பாதியையும் மூன்றாக்குங்கள்.

எலும்பை வெட்டியே தீர வேண்டிய இடம் முதுகும் கழுத்தும்தான். வெட்டுமுன் முதுகின் உட்குழியில் ஒட்டியிருக்கும் சிவந்த நுரையீரலையும் சிறுநீரகத்தையும் விரலால் சுரண்டி எடுங்கள், வால்நுனியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். கவிச்சி வாடையில் பெரும்பங்கு இவற்றிலிருந்து வருகிறது. அப்புறம் கனமான கத்தியால், ஒரு துண்டுக்கு ஒரே வெட்டு. முதுகு நான்கு, கழுத்து இரண்டு. எல்லாம் சேர்த்து எண்ணினால் லெக் பீஸ் 2, தொடை 4, இறக்கை 4, நெஞ்சு 6, முதுகும் கழுத்தும் 6, மொத்தம் 22 துண்டுகள். ஐந்தாறு பேர் வீட்டுக் குழம்புக்குத் தாராளம்.

கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் கறியைக் காட்டாதீர்கள். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமி தெறிக்கும் தண்ணீரோடு பக்கத்தில் இருக்கும் பாத்திரம், காய்கறி வரை போகும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதற்குள் மெதுவாக அலசுங்கள். முதுகில் உதிர்ந்த சில்லு ஏதாவது இருந்தால் அடியில் தங்கும். கறியை மேலாகக் கையால் அள்ளி எடுங்கள். கறியோடு சேர்த்துத் தண்ணீரை வடித்தால் சில்லும் கறியோடு திரும்ப வந்துவிடும். கடையில் வெட்டிய கறிக்கு இந்த அலசல் இன்னும் அவசியம்.

இனி அடுப்பு. வீடுகளில் 22 துண்டையும் ஒரே நேரத்தில் சட்டியில் போடுகிறார்கள். கால் வேகும்போது நெஞ்சு சக்கையாகிவிடுகிறது. நெஞ்சு பதமாக இருக்கும்போது இறக்கினால் கால்கறி எலும்பை விட்டு வராது. ஓடியாடும் காலிலும் தொடையிலும் சவ்வும் நாரும் அதிகம். அவை கரைந்து இளகச் சூடு கூடுதலாகவும் நேரம் அதிகமாகவும் வேண்டும். நெஞ்சில் அந்தச் சவ்வு மிகக் குறைவு. கூடுதல் நேரம் கொதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே பிழிந்துவிட்டு நார்நாராகிவிடும், குழம்பில் மூழ்கிக் கிடந்தாலும் அந்த வறட்சி போகாது. நெஞ்சுக்கறியில் மசாலா ஏறவில்லை என்று சின்னச் சின்னதாக வெட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படி வெட்டினால் இன்னும் சீக்கிரம் வறளும். நெஞ்சுத்துண்டு தொடைத்துண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், எலும்பும் கூடவே இருக்கட்டும்.

வெங்காயம், தக்காளி, மசாலா வதங்கியதும் முதலில் கால், தொடை, இறக்கை, முதுகு, கழுத்து. இவை ஒரே கூட்டம், சேர்ந்து வேகலாம். முதுகும் கழுத்தும்தான் குழம்புக்குச் சாறு தருகிறவை, அவற்றைக் கடையிலேயே தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். மசாலாவில் ஐந்து நிமிடம் புரட்டி, தண்ணீர் ஊற்றி, மூடி, மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம். அதற்குப் பிறகு நெஞ்சுத்துண்டுகள். இன்னும் 10 முதல் 12 நிமிடம். ஈரல் இருந்தால் கடைசி ஐந்தாறு நிமிடத்தில் போதும், உள்ளே சிவப்பு மாறியிருக்க வேண்டும். இரைப்பை இருந்தால் கதை வேறு. அது கால்கறிக்கும் முன்பே தனியாகக் குக்கரில் வெந்திருக்க வேண்டும்.

வெந்ததா என்று பார்க்க, தொடையில் எலும்பை ஒட்டிய இடத்தையும் நெஞ்சின் தடித்த இடத்தையும் குத்திப் பாருங்கள். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு இடத்திலும் 74 டிகிரி செல்சியஸ் தாண்டியிருக்க வேண்டும். கால்கறி அதைவிட அதிகச் சூட்டில்தான் நன்றாக இளகும், ஆகவே பயப்பட வேண்டாம். எலும்பை ஒட்டிக் கறுத்த சிவப்பு தெரிவதை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பிராய்லர் ஐந்தாறு வாரக் குஞ்சு, எலும்பு முற்றாதது. மஜ்ஜை வெளியே கசிந்து அந்த நிறம் வரும்.

பரிமாறியபின் யாருக்காவது எலும்பு தொண்டையில் சிக்கிக்கொண்டால், சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். கூர்முனை இன்னும் ஆழமாக இறங்கிவிடும். வலியும் குத்தலும் போகவில்லை என்றாலோ, எச்சில் விழுங்க முடியவில்லை என்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாட்டுக்கோழிக்கும் மூட்டுகள் இருக்கும் இடம் இதேதான். முற்றிய கோழியில் மூட்டைச் சுற்றிய நார் இறுக்கமாக இருக்கும் என்பதால், மடக்கிக் கழற்றும்போது கத்தி நுனியால் நாரை இரண்டு மூன்று இடத்தில் அறுக்க வேண்டியிருக்கும். வேகும் நேரம்தான் ரொம்ப மாறும். கால் கூட்டத்துக்குச் சட்டியில் முக்கால் மணி நேரமாவது வேண்டும், நெஞ்சை அதில் கடைசி 20 நிமிடத்துக்குப் போடலாம். குக்கரில் செய்தால் கால் கூட்டத்தை மட்டும் விசில் விட்டு எடுத்து, மூடியைத் திறந்தபின் நெஞ்சைப் போட்டுத் திறந்த குக்கரிலேயே கொதிக்க விடுங்கள்.