மார்பு எக்ஸ்ரேயில் ஒரு நிழல்: முன்னாலா, பின்னாலா?

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'வைடண்ட் மீடியாஸ்டைனம்' என்று இருந்தால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் தெரியும் வெள்ளை நிழல் வழக்கத்தைவிட அகலமாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகெலும்பு, இடையில் இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், நிணநீர் முடிச்சுகள், தைமஸ் என்ற சுரப்பி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம்தான் மீடியாஸ்டைனம்.

இந்த அகலம் நிஜமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மகாதமனி வளையும் உயரத்தில் 8 செ.மீ. தாண்டினால் சந்தேகப்படு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆனால் அது எடுத்த விதத்தைப் பொறுத்தது. விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்துப் பாருங்கள், கை சுவரை விட்டு விலகி விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும். நிற்க முடியாதவரைப் படுக்க வைத்து முன்பக்கத்திலிருந்து கதிரைச் செலுத்தி எடுக்கும் ஏ.பி. படத்தில் இதேதான் நடக்கிறது: பிலிம் முதுகுக்குக் கீழே, இதயமும் பெரிய குழாய்களும் அதிலிருந்து தள்ளி, அதனால் எல்லாமே உப்பித் தெரியும். மூச்சை முழுதாக இழுக்காவிட்டாலும், உடல் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் இதே ஏமாற்றுதான். நின்றபடி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, முழு மூச்சில் எடுத்த பி.ஏ. படத்திலும் அகலமாக இருந்தால்தான் அடுத்த கேள்வி.

நிழலுக்கு அகலம் உண்டு, ஆழம் கிடையாது. கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கிறதா, முதுகெலும்பை ஒட்டியிருக்கிறதா என்று ஒற்றைப் படத்தில் எப்படிச் சொல்வது? ஒரு 24 வயது இளைஞரை வைத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக வறட்டு இருமல், தடிப்பே இல்லாத அரிப்பு, ராத்திரி சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. பி.ஏ. படத்தில் நடு நிழல் மேல்பகுதியில் இருபுறமும் மேடுபள்ளமாகப் புடைத்திருக்கிறது. ஆனால் அந்த வெள்ளைக்குள்ளேயே நுரையீரலின் வேர்ப்பகுதி, அதாவது ஹைலத்தின் ரத்தக்குழாய்களுடைய விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு பொருள்கள் ஒட்டியிருந்தால் எக்ஸ்ரேயில் எல்லை அழிந்துவிடும். நடுவே காற்றுள்ள நுரையீரல் இருந்தால் எல்லை நிற்கும். குழாய்களின் விளிம்பு அழியவில்லை என்றால் கட்டி அவற்றைத் தொடவில்லை, ஒன்று முன்னால் இருக்கிறது, இல்லை பின்னால். பக்கவாட்டில் எடுத்த படத்தில் நெஞ்செலும்புக்குப் பின்னால் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக நிரம்பியிருக்கிறது. ஆக, முன்னால். ரிப்போர்ட் இதைத்தான் 'ஆன்டீரியர் மீடியாஸ்டைனல் மாஸ்' என்று எழுதும்.

ஆன்டீரியர், மிடில், போஸ்டீரியர் என்பவை எக்ஸ்ரே காலத்துப் பிரிவுகள். சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் இப்போது ப்ரீவாஸ்குலர் (பெரிய குழாய்களுக்கு முன்னால்), விசெரல் (இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் உள்ள நடுப்பகுதி), பாராவெர்டிப்ரல் (முதுகெலும்பை ஒட்டி) என்று வரலாம். இரண்டு முறைகளின் எல்லைக்கோடுகளும் அச்சாகப் பொருந்தாது, எனவே இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு பெயர் இருந்தால் கட்டி இடம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பெயர் எதற்கு என்றால், இடத்துக்கு இடம் சந்தேகப்பட வேண்டியவை வேறு. முதுகெலும்பை ஒட்டியது பெரும்பாலும் நரம்பிலிருந்து வளர்ந்தது, பல நேரம் சாதுவானது. நடுவில் என்றால் வீங்கிய நிணநீர் முடிச்சுகள்: காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா. முன்னால் என்றால், இளம் வயதில், லிம்போமாவும், விந்தணு, சினைமுட்டை ஆகியவற்றை உருவாக்கும் செல்வகையிலிருந்து வளரும் கருவணுக் கட்டிகளும் முதல் வரிசை. தைமஸும் இந்த இடத்தில்தான் இருக்கிறது; பெரிய நோயிலிருந்து மீளும்போது அது தானாகவே வீங்கலாம், கட்டியே இல்லாமல் கட்டி போலத் தெரியும்.

நம் இளைஞருக்கு சிடியில் கொழுப்போ சுண்ணாம்புப் படிவோ இல்லாத கெட்டியான கட்டி. அவை இருந்திருந்தால் கருவணுக் கட்டிகளில் ஒரு வகையான டெரடோமா பக்கம் சாய்ந்திருப்பார்கள். சில கட்டிகள் ரத்தத்தில் சுரக்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற பொருள்களின் அளவு இயல்பு. மிகவும் கூடியிருந்தால் கருவணுக் கட்டி. கழுத்தில் ஒரு முடிச்சும் இருந்தது, அதை எடுத்துப் பரிசோதித்ததில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற பெரிய, அசாதாரண செல்கள் தெரிந்தன, அவை ஹாட்ஜ்கின் லிம்போமாவின் அடையாளம். குணமாக்கக் கூடிய புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது. மெல்லிய ஊசியால் உறிஞ்சியெடுக்கும் சில செல்கள் இதற்குப் பெரும்பாலும் போதாது, திசுத் துண்டு வேண்டும். அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சுருங்கிவிட்டு பயாப்சியில் ஒன்றும் புரியாமல் போகும், இருமலுக்கென்று அதை வாங்கிப் போடுவது இங்கே உண்மையான கெடுதல்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகமும் கழுத்தும் வீங்குகின்றன, கழுத்து ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன என்றால் கட்டி மூச்சுக்குழாயையோ, மேலுடல் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையையோ அழுத்துகிறது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுக்க முடியவில்லை என்பதை ஸ்கேன் எடுப்பவரிடமும் மயக்க மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்; மயக்கம் கொடுத்துத் தசைகள் தளர்ந்ததும் அதுவரை திறந்திருந்த மூச்சுக்குழாய் அந்தக் கட்டியின் எடையில் மூடிக்கொள்ளக்கூடும்.